சிட்னியில் அன்று ஞாயிறு



நம் இணையவழி வாசகர் சந்திப்பு இம்முறை அக்டோபர் 31, சனிக்கிழமை. சென்னையில் மாலை 7 மணி. லண்டன், டொராண்டோ, சிங்கப்பூர், சிட்னி என்று பல ஊர்களிலிருந்தும் நம்மோடு சேர்ந்து கொள்கிறீர்கள். அங்கே வளர்ந்த பிள்ளைகள் பலர் அழைப்பின் ஆங்கிலப் பகுதியைத்தான் படிப்பார்கள். பெற்றோர் தமிழ்ப் பகுதியைப் படிப்பார்கள். இரண்டும் ஒரே கிழமையை, ஒரே தேதியை, ஒரே மணியைச் சொல்ல வேண்டும். வெளியூர்த் தமிழ்ச் சங்கங்களை நடத்தும் நண்பர்கள் சிலர், இதை எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தார்கள். இந்தச் சந்திப்பின் அழைப்பையே எடுத்துக்கொண்டு சொல்கிறேன். மாதம் தவறாமல் நடக்கும் சந்திப்புகளில் இதைவிடச் சிக்கலான தேதி அமைவது அரிது.

காரணம் கடிகார மாற்றம். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளில் ஆண்டு முழுவதும் ஒரே நேரம்தான். இலங்கை 1996இல் கடிகாரத்தை மாற்றி, 2006இல் இந்திய நேரத்துக்கே திரும்பிவிட்டதால், சென்னை நேரமே யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் பொருந்தும். மற்ற மூன்று ஊர்களும் அப்படி இல்லை. சிட்னியில் அக்டோபர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகிறார்கள்; இந்த ஆண்டு அது அக்டோபர் 4. லண்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஒரு மணி பின்னே தள்ளுகிறார்கள். அது அக்டோபர் 25. டொராண்டோவில் நவம்பர் முதல் ஞாயிறு வரை காத்திருக்கிறார்கள். அது நவம்பர் 1. நம் சந்திப்பு நடக்கும் சனிக்கிழமையில் சிட்னியும் லண்டனும் மாறிவிட்டிருக்கும். டொராண்டோ மறுநாள்தான் மாறும்.

அழைப்பை ஒருவர் அக்டோபர் 10ஆம் தேதியே எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கைபேசியில் உலகக் கடிகாரத்தைத் திறந்து, லண்டனுக்கும் சென்னைக்கும் நாலரை மணி வித்தியாசம் என்று பார்க்கிறார். சென்னை 7.00 என்றால் லண்டன் பிற்பகல் 2.30 என்று எழுதிவிடுகிறார். அவர் பார்த்த அன்று அது சரியான கணக்கு. ஆனால் 31ஆம் தேதி வித்தியாசம் ஐந்தரை மணி ஆகியிருக்கும். லண்டனில் அப்போது 1.30. அழைப்பை நம்பி 2.30க்கு வந்து சேரும் லண்டன் வாசகர், பேச்சு முடிந்து கேள்வி நேரமும் பாதி கடந்த பிறகுதான் உள்ளே நுழைவார். உலகக் கடிகாரம் காட்டுவது இந்த நொடியின் நேரம். அழைப்புக்கு வேண்டியது கூட்டம் நடக்கும் நாளின் நேரம். நேர மாற்றிக் கருவி எதைப் பயன்படுத்தினாலும், அதில் கூட்டத் தேதியை முதலில் கொடுத்துவிட்டுத்தான் மணியைப் பார்க்க வேண்டும்.

கையால் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. நான் அதைத்தான் நம்புகிறேன். யூ.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரத்தை நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். சென்னை அதைவிட ஐந்தரை மணி முன்னே இருக்கிறது. மாலை 7 என்பது 19.00. அதிலிருந்து 5.30ஐக் கழித்தால் 13.30. அன்று லண்டன் பொது நேரத்திலேயே இருப்பதால் பிற்பகல் 1.30. டொராண்டோ நான்கு மணி பின்னே இருப்பதால் காலை 9.30. சிங்கப்பூர் எட்டு மணி முன்னே, ஆகவே இரவு 9.30. சிட்னி பதினொரு மணி முன்னே, கூட்டினால் 24.30 வருகிறது. 24ஐத் தாண்டினால் மணியில் 24ஐக் குறைத்துவிட்டு, தேதியிலும் கிழமையிலும் ஒன்று கூட்ட வேண்டும். அதாவது சிட்னியில் அது நவம்பர் 1, ஞாயிறு, நள்ளிரவுக்குப் பின் 12.30. தேதியும் மாறுகிறது, கிழமையும் மாறுகிறது, மாதமும் மாறுகிறது.

இந்த இடத்தில்தான் இரண்டு மொழிகளும் தனித்தனி வழியில் போய்விடும். நம் பேச்சில், தூங்கி எழும்வரை அது முந்தைய நாளின் இரவுதான். “சனிக்கிழமை ராத்திரி பன்னிரண்டரை” என்று ஒருவர் சொன்னால், சனி முடிந்து ஞாயிறு பிறந்த பிறகான பன்னிரண்டரையைத்தான் சொல்கிறார். ஆங்கிலத்தில் அதே கிழமையையும் எண்ணையும் வைத்து எழுதினால் அது வெள்ளி இரவு முடிந்த பன்னிரண்டரை ஆகிவிடும், முழுதாக இருபத்துநான்கு மணி நேரம் முன்னால். 00.10 மணிக்குப் புறப்படும் ரயிலுக்குத் தவறான தேதியில் முன்பதிவு செய்துவிட்டு, மறுநாள் இரவு பெட்டியோடு நடைமேடையில் நிற்பவர்களுக்கு நடப்பது இதேதான்.

இதை ஒரே சொல்லில் தீர்க்க முயல வேண்டாம். தமிழில் “சனி இரவு முடிந்து, ஞாயிறு பிறந்ததும் 12.30” என்று இரண்டு கிழமையையும் சொல்லிவிடுங்கள். சற்று நீளம்தான், ஆனால் அதைப் படித்தவர் யாரும் தவறான இரவில் விழித்திருக்க மாட்டார். ஆங்கிலத்தில் ஞாயிறு என்று மட்டும் எழுதினால் போதாது. சனி இரவு தூங்கப் போகாமல் விழித்திருக்க வேண்டும் என்பதை ஒரு வரி சேர்த்துச் சொல்லலாம். சரியாக நள்ளிரவு 12.00 வரும்படி எந்த ஊருக்கும் நேரம் வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது. அந்த ஒரு கணம் எந்த நாளுக்குச் சொந்தம் என்பதை எந்த மொழியில் எழுதினாலும் படிப்பவர் ஒருமுறை தயங்கத்தான் செய்வார். கால்மணி தள்ளி வைத்தால் தயக்கமே இல்லை.

பகல் 12.30க்கும் இரவு 12.30க்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தின் இரண்டெழுத்துக் குறிகளில் பன்னிரண்டு மணி வரும்போது பலருக்குக் குழப்பம். நாள் எப்போது மாறுகிறது என்பதில் ஆங்கிலத்துக்குத் தயக்கம் இல்லை; நமக்கு உண்டு. ஆகவே இரண்டு பகுதிகளையும் அருகருகே வைத்தால் ஒன்றை மற்றொன்று காக்கும். அதற்கு ஊர்களின் வரிசை இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் அழைப்பின் நேரப் பகுதி இப்படி இருக்கும்:

```
சனிக்கிழமை, 31 அக்டோபர் 2026
சென்னை, யாழ்ப்பாணம்: மாலை 7.00
லண்டன்: பிற்பகல் 1.30
டொராண்டோ: காலை 9.30
சிங்கப்பூர்: இரவு 9.30
ஞாயிற்றுக்கிழமை, 1 நவம்பர் 2026
சிட்னி: சனி இரவு முடிந்து, ஞாயிறு பிறந்ததும் 12.30
```

```
Saturday, 31 October 2026
Chennai, Jaffna: 7:00 pm
London: 1:30 pm
Toronto: 9:30 am
Singapore: 9:30 pm
Sunday, 1 November 2026
Sydney: 12:30 am (late Saturday night)
```

மாதத்தை எண்ணால் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 1/11 என்பது நமக்கு நவம்பர் முதல் தேதி; அமெரிக்காவில் படிப்பவருக்கு ஜனவரி பதினொன்று. கனடாவில் இரண்டு முறையும் புழக்கத்தில் இருக்கின்றன. பெயரால் எழுதினால் இந்தக் கேள்வியே எழாது. நேரப் பெயர்களின் சுருக்கெழுத்துகளையும் விட்டுவிட்டேன். ஐ.எஸ்.டி. என்பது நமக்கு இந்திய நேரம். அயர்லாந்தின் கோடை நேரத்துக்கும் இஸ்ரேலின் நேரத்துக்கும் அதே மூன்றெழுத்துதான். ஈ.எஸ்.டி. என்பது டொராண்டோவின் குளிர்கால நேரம் மட்டுமே, ஆனால் கோடையிலும் பழக்கத்தால் அதையே எழுதுகிறார்கள்; எழுத்தை அப்படியே நம்பிக் கணக்குப் போடுபவருக்கு ஒரு மணி தவறும். ஊரின் பெயரைச் சொன்னால் போதும். டொராண்டோவில் இருப்பவருக்குத் தம் ஊர் பெயர் தெரியும்.

கிழமையைக் கட்டாயம் எழுதுங்கள். தேதி இருக்கும்போது கிழமை எதற்கு என்று தோன்றலாம். சென்ற மாத அழைப்பைப் பிரதி எடுத்துத் திருத்தும்போது ஆங்கிலத்தில் தேதியை மாற்றிவிட்டுத் தமிழில் மாற்ற மறப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. தேதி மட்டும் இருந்தால் அது பிழை என்றே படிப்பவருக்குத் தெரியாது. கிழமையும் இருந்தால், இரண்டும் ஒத்துப்போகாததைக் கண்டு யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். “வருகிற சனி”, “நாளை மாலை” போன்றவை நேரில் பேசுவதற்கு மட்டும். வாட்ஸ்அப்பில் அழைப்பு கைமாறிக் கைமாறி மூன்றாம் நாள் ஒருவரிடம் போய்ச் சேரும்போது, அவருடைய “நாளை” வேறு.

கூகுள் காலண்டரில் சேர்த்து அனுப்பினால் பெறுபவரின் ஊர் நேரத்துக்கு அதுவே மாற்றிக் காட்டும். அனுப்புகிறவர் நிகழ்வுக்குரிய மண்டலமாக `Asia/Kolkata` இருப்பதை ஒருமுறை பார்த்துக்கொண்டால் சரி. ஆனால் நம் சங்கங்களின் அழைப்புகள் பெரும்பாலும் அழகாக வடிவமைத்த படமாகவே போகின்றன. படம் எந்த ஊர் நேரத்துக்கும் தானாக மாறாது. அதனால்தான் ஊர்களைப் படத்திலேயே எழுத வேண்டியிருக்கிறது. படத்தோடு அதே வரிகளைத் தட்டச்சு செய்தும் அனுப்புங்கள். பார்வை குறைந்த பெரியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கவும், கேட்கவும் அது உதவும்.

டொராண்டோவிலிருந்து அழைப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அங்கே கோடைக்காலச் சனி இரவு 8 மணி என்பது சென்னையில் ஞாயிறு காலை 5.30. குளிர்காலத்தில் 6.30. உங்கள் இரவுக் கூட்டங்களின் அழைப்பில் சென்னை, யாழ்ப்பாண உறவுகளுக்குக் கிழமை எப்போதும் மறுநாள்தான். அதைத் தனி வரியில் தேதியோடு எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. எங்கள் சந்திப்பு எப்போதும் சென்னை நேரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதால், வெளியூர்களில்தான் மணி நகர்கிறது. செப்டம்பர் 26 சந்திப்பு சிட்னியில் சனி இரவு 11.30க்குத் தொடங்கும், அக்டோபரில் அது ஞாயிறுக்குப் போய்விடுகிறது. நடுநிசியில் விழித்திருப்பது சிரமம் என்று சிட்னி வாசகர்கள் கருதினால் எழுதுங்கள். சென்னை நேரத்தை இரண்டு மணி முன்னால் கொண்டுவரலாம், ஆனால் டொராண்டோவில் அப்போது கோடையில் காலை 7.30, குளிர்காலத்தில் 6.30 ஆகும். இரண்டு ஊர்க்காரர்களின் கருத்தையும் கேட்டுத்தான் முடிவு செய்வோம். அதுவரை நவம்பர் 28, சனிக்கிழமை சந்திப்பும் சென்னையில் மாலை 7 மணிக்கே. டொராண்டோ வாசகர்கள் அன்று காலை 9.30க்கு அல்ல, 8.30க்கு வந்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்