கூரைச் சூரியத் தகட்டுக்கு 11 பாகைச் சாய்வு போதும்

மங்கலம்பேட்டை வட்டாரத்தில் மாடி வீடு உள்ள விவசாயிகள் சிலர், சூரிய மின் தகட்டை எவ்வளவு தூக்கி நிறுத்துகிறோமோ அவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்று எண்ணுகிறார்கள். இது சரியல்ல. டெல்லிக்கு 28 பாகை சாய்வு பொருந்தும். மங்கலம்பேட்டைக்குப் பொருந்தாது.

காரணம் எளிது. இவ்வூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 11.6 பாகையில் உள்ளது. மார்கழியில் நடுப்பகல் சூரியன் உச்சிக்குத் தெற்கே 35 பாகை சாய்ந்து நிற்கும். ஆனால் ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்டு மூன்றாம் வாரம் வரை, நான்கு மாதம், உச்சிக்கு வடக்கே நிற்கும். தெற்கு நோக்கி அதிகம் சாய்த்த தகடு, கோடை வெயிலில் ஒரு பகுதியை இழக்கிறது. மார்கழியில் அதை ஈடுகட்டலாம் என்றாலும், அதற்கு முந்தைய ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையின் மேகம் மறைத்துவிடுகிறது.

ஆகவே தெற்கு நோக்கி 10 முதல் 12 பாகை சாய்வே ஆண்டு முழுவதற்கும் ஏற்றது. 2 மீட்டர் நீளத் தகட்டின் மேல்முனை, கீழ்முனையைவிட 38 செ.மீ. உயர்ந்திருந்தால் 11 பாகை ஆகும். 30 பாகைக்கு ஒரு மீட்டர் உயர்த்த வேண்டும்.

3 கிலோவாட் அமைப்பு ஆண்டுக்குச் சுமார் 4,300 யூனிட் தருவதாகக் கொள்வோம். 30 பாகையில் நிறுத்தினால் ஏறத்தாழ 200 யூனிட் குறையும். தாங்கிக்குக் கூடுதல் இரும்பும் வேண்டும். காற்றும் அதிகம் பிடிக்கும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூரைத் தாக்கிய தானே புயலைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மறுபுறம், தகட்டைச் சமமாகப் படுக்க வைத்தால் இழப்பு 2 சதவீத அளவே. ஆனால் மழைநீர் தேங்கி, கீழ் விளிம்பில் புழுதி படியும். கழுவிச் செல்லவாவது 10 பாகை வேண்டும்.

வீட்டுக் கூரை கிழக்கு அல்லது மேற்கு நோக்கி 10 பாகை அளவு சரிந்திருந்தால், தெற்கே திருப்பத் தனிச் சட்டம் அமைப்பது வீண்செலவு. அந்தச் சரிவிலேயே பதித்தால் 2 அல்லது 3 சதவீதமே குறையும்.

தெற்குத் திசையை அறிய, சமதரையில் ஒரு குச்சியை நேராக நட்டு, 12 மணி முதல் 12.30 வரை நிழல்முனையைக் குறித்து வரவும். மிகக் குறுகிய நிழலின் கோடே தெற்கு வடக்கு. மே முதல் ஜூலை வரை அந்த நிழல் தெற்கே விழும் என்பதை மறந்தால் தகடு வடக்கு நோக்கிவிடும்.

கோணத்தைவிட நிழலுக்கே அதிகம் அஞ்ச வேண்டும். தகட்டுக்கு மேல் 10 மீட்டர் உயர்ந்து தெற்கே நிற்கும் தென்னை, மார்கழி நடுப்பகலில் 7 மீட்டர் நிழல் வீசும். காலை மாலையில் இன்னும் நீளும். ஒரு தகட்டில் நிழல் விழுந்தால், அதோடு தொடராக இணைத்த தகடுகளின் உற்பத்தியும் குறையலாம். தாங்கியை உயர்த்தச் செலவிடுமுன், மார்கழியில் ஒரு நாள் கூரையில் நின்று நிழலைப் பார்த்துவிடுவதே சிக்கனம்.