அம்மாவின் கூட்டில் எழுதியிருந்தது

போன வருசம் ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போன என் தோழி ஒருத்தியின் பிறப்புச் சான்றிதழோடு மூன்று கிழமை அலைந்தேன். பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு றோட்டில் கொஞ்சத் தூரம் போனால் அவளுடைய வீடு. பெயரைக் கஜந்தினி என்று மாற்றி வைத்துக்கொள்கிறேன். அவள் அங்கே, தாய் இங்கே. கம்பஸ் லீவில் நின்றபடியால் அலைச்சல் எனக்கு.

அங்கே கேட்டது ரஷ்ய மொழிபெயர்ப்பு, அதுவும் நொத்தாரிசு உறுதிப்படுத்தியது. எங்கள் சான்றிதழோ தமிழில். எங்கட பக்கம் தமிழிலிருந்து நேரே ரஷ்யனுக்குச் செய்து தர ஆளைத் தேடிக் களைத்துப்போனேன். கடைசியில் எல்லாரும் போகிற வழியிலேயே போனோம். பிரதேச செயலகத்தில் புதுப் பிரதி எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலமாக்கி, யாழ்ப்பாணக் கொன்சியூலர் அலுவலகத்தில் அத்தாட்சி வாங்கி அனுப்பினோம். அங்கே ஒருவர் ஆங்கிலத்தைப் பார்த்து ரஷ்யனில் எழுதுவார். அதாவது அவர் எங்கட சான்றிதழை வாசிக்கப் போவதே இல்லை. அதன் நிழலைத்தான் வாசிப்பார்.

சான்றிதழில் 'இனம்' என்று ஒரு விசயம் இருக்கிறதை எத்தனை பேர் கவனித்திருப்பீர்கள்? தகப்பனுக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று. கஜந்தினியின் தகப்பனுக்கு 'இலங்கைத் தமிழர்'. தாய்க்கு 'இந்தியத் தமிழர்'. தாயின் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தது. கிளிநொச்சிப் பக்கம் இப்படி வந்த குடும்பங்கள் நிறைய. தாய் பிறந்ததே இங்கேதான், அடையாள அட்டை இருக்கு, வோட்டுப் போடுகிறா. ஆனால் பதிவாளர் எழுதியது 'இந்தியத் தமிழர்'.

ஆங்கிலத்தில் இந்த இடத்தில் 'நாஷனாலிட்டி: இந்தியன்' என்று வந்திருந்தது. தமிழர் என்ற சொல் எங்கேயோ விழுந்துவிட்டது. நாங்களும் பெரிதாகக் கவனிக்கேல்ல. ஆங்கிலம்தானே, விளங்கும்தானே என்று விட்டுவிட்டோம்.

ரஷ்யனில் இதுக்கு இரண்டு சொல் இருக்கிறது. 'நத்சியனால்நஸ்த்' என்றால் ஒருவருடைய இனம். 'கிரஷ்தான்ஸ்த்வ' என்றால் எந்த நாட்டுப் பிரஜை என்பது. ஆங்கில நாஷனாலிட்டி ஒலியில் முதலாவதைப் போல இருக்கும், ஆனால் கடவுச்சீட்டு, படிவங்களில் அது இரண்டாவதைத்தான் குறிக்கும். நல்ல மொழிபெயர்ப்பாளருக்கு இந்தப் பொறி தெரியும். தெரிந்தபடியால்தான் அவர் 'கிரஷ்தான்ஸ்த்வ: இந்தியா' என்று எழுதினார்! அவரில் பிழை இல்லை. அவருக்கு முன்னால் இருந்த ஆங்கிலத்தில் பிழை. ஒரு கூட்டுக்குள் இரண்டு தரம் பெயர்த்ததில், இலங்கையை விட்டு ஒரு நாளும் வெளியே போகாத ஒரு மனுசி வேறு நாட்டுப் பிரஜை ஆகிவிட்டா.

இது சின்ன விசயம் இல்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட ஆக்களின் பிள்ளைகள் இவர்கள். 1964 ஒப்பந்தத்தில் ஆளைப் பிரித்து எண்ணினார்கள். மிச்சப் பிரச்சினையைத் தீர்க்க 2003இலும் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது. இவ்வளவும் பட்டு எடுத்த பிரஜாவுரிமையை ஒரு சொல்லால் தொலைக்கலாமா?

பிழையைப் பிடித்தது அங்கே படிக்கிற ஒரு சீனியர் அக்கா. நகலைப் பார்த்துவிட்டு, "அம்மா இந்தியாவா?" என்று கஜந்தினியிடம் கேட்டிருக்கிறா. நல்ல காலம், அது தைக்க முதல். ரஷ்யாவில் மொழிபெயர்ப்பாளர் நொத்தாரிசுக்கு முன்னால் கையெழுத்து வைப்பார். அதன்பிறகு மூலத்தின் பிரதியையும் மொழிபெயர்ப்பையும் சேர்த்து நூலால் தைத்து, பக்கம் இலக்கமிட்டு, முத்திரை குத்துவார்கள். நொத்தாரிசுக்கு அந்த மொழி தெரியாவிட்டால் அவர் உறுதிப்படுத்துவது மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்தை மட்டும்தான், உள்ளே எழுதியிருப்பதை இல்லை. தைத்த பிறகு ஒரு எழுத்து மாற்றவும் முதலிலிருந்து தொடங்க வேணும்.

இங்கேதான் எனக்கும் வேறு ஆக்களுக்கும் சண்டை வந்தது. பத்திரங்கள் செய்து கொடுக்கிற ஒருவர் போனில் சொன்னார்: "தங்கச்சி, அந்த இந்தியத் தமிழரைத் தூக்கிவிடச் சொல்லுங்கோ. இலங்கைத் தமிழர் எண்டு போட்டால் ஒரு கேள்வியும் வராது." கஜந்தினியும் களைத்துப்போய், "ஓம், போடட்டும்" என்றாள்.

கூடாது என்றேன். அந்தச் சொல்லில் எனக்கு விருப்பம் இருந்து இல்லை. பரந்தனில் பிறந்த மனுசியை ஏன் இந்தியத் தமிழர் என்று எழுத வேணும் என்ற கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் கோபத்தைப் பதிவாளரிடம் காட்ட வேணும். மொழிபெயர்ப்பாளர் கையெழுத்து வைத்துச் சொல்வது 'இந்தத் தாளில் இப்படி இருக்கிறது' என்பதை மட்டும். தாளைத் திருத்த அவருக்கு உரிமை இல்லை. நாளைக்கு ஒருவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொய்யாகத் தெரியப்போவது மொழிபெயர்ப்பாளர் இல்லை, கஜந்தினி.

கடைசியில் ஆங்கிலத்தைத் திருப்பிச் செய்வித்தோம். இனம் என்ற தலைப்பு இனமாகவே வந்தது, இரண்டு சொல்லும் இரண்டு சொல்லாகவே வந்தன. ரஷ்யனில் அது 'நத்சியனால்நஸ்த்: இந்தீய்ஸ்கயா தமீல்கா' ஆனது. பிரஜாவுரிமை என்று மூலத்தில் ஒரு சொல்லும் இல்லை, ஆகவே மொழிபெயர்ப்பிலும் இல்லை.

இந்தச் சாட்டில் மற்றக் கூடுகளையும் பார்த்தோம். பிறந்த திகதியில் பதிவாளர் '17 ஆனி' என்று எழுதியிருந்தார். எங்கட அலுவலகங்களில் ஆனி என்றால் ஜூன்தான். தமிழ்நாட்டு நாட்காட்டி தெரிந்த ஒருவர் கையில் போனால் ஆனி 17 ஜூலை முதலாம் திகதிக்குக் கிட்டப் போய் நிற்கும். பிறந்தநாளே இரண்டு கிழமை தள்ளிவிடும். எங்கட ஆங்கிலத்தில் ஜூன் என்று சரியாகவே வந்திருந்தது.

பெயரில் வேறு கதை. கடவுச்சீட்டில் அவளுடைய பெயர் ஆங்கில 'கே'யில் தொடங்குகிறது, ஆனால் நாங்கள் கூப்பிடுவது 'ஜி' ஒலியில். ரஷ்யனில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. காதால் கேட்டு எழுதினால் ஒன்று வரும், கடவுச்சீட்டைப் பார்த்து எழுதினால் மற்றது. அவளுடைய வீசாவில் ரஷ்ய எழுத்திலும் பெயர் அச்சடித்திருந்தது, அதையே எழுத்துக்கு எழுத்து பின்பற்றச் சொன்னோம். ஒலி பிழைதான், ஆனால் இரண்டு தாளிலும் ஒரே ஆளாக இருக்கவேணும். தகப்பன் பெயரை வைத்து ரஷ்யப் பெண்களுக்குப் போல '-அவ்னா' சேர்த்து ஒரு பெயர் கட்டியிருந்தார்கள். அதை எடுப்பித்தோம். எங்களிடம் இல்லாத ஒரு பெயரை எதுக்கு?

தாய் பிறந்த ஊரின் பெயரில் ஒரு எழுத்து மூலத்திலேயே பிழை. அதை அப்படியே விட்டு, 'மூலத்தில் உள்ளபடி' என்று பகர அடைப்புக்குள் குறிப்புப் போட்டார்கள். முத்திரைகள் இருந்த இடங்களில் அவற்றில் வாசிக்கக்கூடியதை எழுதி, வாசிக்க முடியாத ஒன்றுக்கு 'தெளிவில்லை' என்று போட்டிருந்தது.

எனக்கு ரஷ்யன் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் நகல் வட்ஸ்அப்பில் வந்தபோது பார்க்கக்கூடியது நிறைய இருந்தது. கூடுகளின் எண்ணிக்கை சரியா, இலக்கங்கள் சரியா, பெயர் வீசாவில் உள்ளது போலவே வளைகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தேன். இனக் கூட்டை மட்டும் அந்த அக்கா போனில் சத்தமாக வாசித்துக் காட்டினா.

கஜந்தினியின் அம்மாவும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தா. "என்னவாம் பிள்ளை?" என்றா. இங்கே எழுதியிருக்கிறதுதான் அங்கேயும் எழுதியிருக்கு அம்மா, என்றேன். "அது தெரிஞ்ச கதைதானே" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனா. அடுத்த கிழமை, இனத்தைத் திருத்த என்ன படிவம் என்று கேட்க இரண்டு பேரும் பிரதேச செயலகத்துக்குப் போனோம்.