25 வருஷம் கட்டியும் ஏன் கடன் அப்படியே நிக்குது?

போன மாதப் பத்திக்குப் பிறகு ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய அப்பா 1999இல் ஒரு சின்ன வீடு வாங்கியவர். 25 வருஷமாக ஒரு மாதம்கூடத் தவறாமல் வங்கிக்குக் காசு கட்டியிருக்கிறார். இப்ப பென்ஷன் எடுக்கிற நேரத்தில் வங்கியிலிருந்து கடிதம்: கடன் முடிகிறது, முழுத்தொகையையும் செலுத்தவும். "அப்பா இவ்வளவு காலமும் கட்டினது எங்க போச்சுது? வங்கி ஏமாத்திப்போட்டுதோ?" என்று கேட்டிருந்தார்.

வங்கி ஏமாற்றவில்லை. ஆனால் இந்த வகைக் கடன் எப்படி வேலை செய்கிறது என்று அப்பாவுக்கு ஒருத்தரும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். 90களில் ஜெர்மனியில் வீடு வாங்கின எங்கட ஆட்கள் பலரின் ஃபைலுக்குள் இந்தக் கடன் இருக்கலாம். உங்கட அம்மா அப்பாவின் ஃபைலையும் ஒருக்கா எடுத்துப் பாருங்கோ.

நகை அடகு வைக்கிறது எங்கள் எல்லாருக்கும் தெரியும். மாதாமாதம் வட்டியைக் கட்டினால் நகை ஏலத்துக்குப் போகாது. ஆனால் சங்கிலி திரும்ப வீட்டுக்கு வர வேண்டுமென்றால் முதலைக் கட்ட வேண்டும். பத்து வருஷம் வட்டி கட்டினாலும் முதல் முதலாகவே இருக்கும். இதைச் சொல்லி விளங்கப்படுத்த வேண்டிய தேவையே இல்லை. வீட்டுக் கடன் என்று வந்தவுடன்தான் குழம்பிவிடுகிறோம், ஏனென்றால் வங்கிக்குப் போகும் காசை எல்லாம் "கடன் கட்டுறது" என்று ஒரே பெயரால் சொல்கிறோம்.

வங்கியின் கணினி ஒவ்வொரு மாதமும் செய்வது இந்த ஒரு வரிக் கணக்குத்தான்:

```
புதிய மீதி = பழைய மீதி + இந்த மாத வட்டி - நீங்கள் கட்டிய காசு
```

நீங்கள் கட்டுவது வட்டிக்குச் சமமாக இருந்தால் புதிய மீதியும் பழைய மீதியும் ஒன்றுதான். 300 தரம் ஓட்டினாலும் அதே எண்தான் வரும். வட்டிக்கு மேல் கட்டும் ஒவ்வொரு யூரோவும்தான் மீதியைக் குறைக்கும். அந்த மேலதிகத்தைத்தான் இங்கே டில்குங் என்கிறார்கள்.

அப்பாவின் கடனில் டில்குங் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு ஆயுள் காப்புறுதி, அதாவது காப்பிட்டால் லேபன்ஸ்ஃபெர்ஸிகெருங், சேர்த்து விற்கப்பட்டது. திட்டம் இதுதான்: வங்கிக்கு வட்டி மட்டும் போகும், இன்னொரு தொகை காப்புறுதிக்குப் போய் அங்கே வளரும். 25 வருஷம் முடிய காப்புறுதிக் காசால் முழுக் கடனையும் ஒரே அடியாக அடைத்துவிடலாம். அந்தக் காலத்தில் ஜெர்மனியில் இது சாதாரணமாக விற்கப்பட்ட ஒன்று. 90களில் காப்புறுதி நிறுவனங்கள் 7 சதவீதத்தை ஒட்டி லாபம் எழுதிக்கொண்டிருந்தன. 2005க்கு முன் எடுத்த ஒப்பந்தம் 12 வருஷம் தாண்டினால் பொதுவாக அதற்கு வரியும் இல்லை. முகவருக்குக் கடனுக்கு ஒரு கமிஷன், காப்புறுதிக்கு இன்னொரு கமிஷன். அதையும் மறக்க வேண்டாம்.

வாசகி அனுப்பியதை ஒட்டி, இலக்கங்களை நேராக்கி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அப்ப மார்க், நான் யூரோவில் சொல்கிறேன். கடன் 150,000. வட்டி 5 சதவீதம், 25 வருஷமும் மாறவில்லை என்று வைப்போம். மாத வட்டி 625 யூரோ. காப்புறுதிக்கு மாதம் 216 யூரோ. அந்த 216 வருஷத்துக்கு 6 சதவீதத்தில் வளர்ந்தால் 25 வருஷத்தில் கிட்டத்தட்ட 150,000 வரும். விற்கும்போது தாளில் காட்டியது இப்படியான கணக்கைத்தான்.

நடந்தது வேறு. 1994 நடுப்பகுதியிலிருந்து 2000 நடுப்பகுதி வரை எடுத்த ஒப்பந்தங்களுக்கு 4 சதவீதம் வரை உத்தரவாதம் இருந்தது. ஆனால் அது நீங்கள் கட்டும் முழுக் காசுக்கும் இல்லை. அதிலிருந்து செலவும் கமிஷனும் இறப்புக் காப்புறுதிக்கான பங்கும் கழித்து, மிச்சமாகச் சேமிக்கப்படும் பகுதிக்கு மட்டும்தான். அதற்கு மேல் காட்டிய லாபத்துக்கு உத்தரவாதம் இல்லை. 2000க்குப் பிறகு வட்டி விழ விழ அந்த லாபமும் சுருங்கியது. கட்டிய முழுக் காசுக்கும் 3.5 சதவீதம் கிடைத்தது என்று வைத்தால், 25 வருஷ முடிவில் கையில் வருவது ஏறத்தாழ 103,400 யூரோ. கடன் 150,000. இடைவெளி 46,600.

இந்த 25 வருஷத்தில் வட்டியாக மட்டும் 187,500 யூரோ போயிருக்கிறது. அப்பா கேட்கும் "எங்க போச்சுது" என்பதற்குப் பதில் அதுதான். கடன் எடுத்த காசை 25 வருஷம் வைத்திருந்ததற்கான வாடகை அது.

இப்ப அதே 841 யூரோவை, அதாவது 625ஐயும் 216ஐயும் சேர்த்து, சாதாரணக் கடனுக்குக் கட்டியிருந்தால்? முதல் மாதம் 625 வட்டி, 216 டில்குங். மீதி 149,784. அடுத்த மாதம் வட்டி 90 சென்ட் குறையும், அந்த 90 சென்ட் டில்குங்கோடு சேரும். 90 சென்ட் சிரிப்பாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு மாதமும் இது கூடிக்கொண்டே போகும். 25 வருஷ முடிவில் மீதி ஏறத்தாழ 21,400 யூரோ. முழுசாக முடியவில்லைதான், ஆனால் 46,600 எங்கே, 21,400 எங்கே. கட்டின காசு ஒரு சதமும் கூடவில்லை.

காரணம் இதுதான். டில்குங்காகப் போகும் ஒவ்வொரு யூரோவும் 5 சதவீத வட்டியை மிச்சம் பிடிக்கிறது, அதாவது உறுதியாக 5 சதவீதம் சம்பாதிக்கிறது. காப்புறுதியில் போட்ட யூரோ செலவெல்லாம் கழித்து 5க்கு மேல் சம்பாதித்தால்தான் இந்தத் திட்டம் வெல்லும். வாடகைக்கு விடும் வீடென்றால் வட்டியை வரியில் கழிக்கலாம், அங்கே கணக்கு மாறும். தாங்களே இருக்கும் வீட்டுக்கு அந்தக் கழிவு இல்லை.

இடையில் இன்னொன்றும் நடந்தது, அதுதான் எனக்கு மிகவும் கவலையாக இருக்கும் இடம். உண்மையில் பெரும்பாலானோருக்கு 25 வருஷம் ஒரே வட்டி இருக்கவில்லை. வட்டியை நிலையாக வைத்திருக்கும் காலம், ஸின்ஸ்பின்டுங், முடிந்ததும் புது வட்டி போடுவார்கள். 2014இல் 2 சதவீதத்துக்கு மாறியிருந்தால் மாத வட்டி 625இலிருந்து 250ஆக விழுந்திருக்கும். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. "கடன் குறையுது" என்றே நினைத்திருப்பார்கள். கடன் ஒரு யூரோவும் குறையவில்லை, வட்டிதான் குறைந்தது. காப்புறுதியின் லாபத்தைச் சுருக்கியதும் அதே வட்டி வீழ்ச்சிதான். மிச்சமான 375 யூரோவைப் பத்து வருஷம் வெறும் உண்டியலில் போட்டிருந்தாலும் 45,000 வந்திருக்கும். கிட்டத்தட்ட அந்த இடைவெளி முழுவதும்.

சரி, கடைசி நாள் எப்படி இருக்கும்? காப்புறுதிக் காசு அப்பாவின் கைக்கு வராது. கடன் எடுக்கும்போதே அது வங்கிக்கு எழுதிக்கொடுக்கப்பட்டிருக்கும், ஆகவே நேரே வங்கிக்குப் போகும். மிச்ச 46,600ஐ வங்கி அப்பாவிடம் கேட்கும். "காப்புறுதிதானே கடனை அடைக்கிறது என்று சொன்னீர்கள்" என்ற வாதம் பொதுவாக எடுபடாது. 2007இல் பூண்டஸ்கெரிக்ட்ஸ்ஹோஃப் இப்படியான ஒரு வழக்கில், காப்புறுதிக் காசு போதாவிட்டால் மிச்சம் கடன் எடுத்தவரின் பொறுப்பு என்ற பக்கமே தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் மட்டும் கதை வேறு, அதனால் அந்த வசனத்தைத் தேடி வாசியுங்கோ.

கையில் காசு இல்லையென்றால் மிச்சத்துக்குப் புதுக்கடன் எடுக்கலாம். 46,600ஐ 4 சதவீதத்தில் பத்து வருஷத்தில் முடிக்க மாதம் 472 யூரோ. 65 வயதுக்காரர் 75 வயது வரை, பென்ஷனிலிருந்து. அந்தப் பென்ஷன் போதுமா என்று வங்கி பார்த்துத்தான் கொடுக்கும். அதுவும் சரிவராவிட்டால் வீட்டை விற்க வேண்டி வரும். தாங்களாக விற்றால் நல்ல விலை வரும், ஏலத்துக்குப் போனால் அப்படி எதிர்பார்க்க முடியாது.

உங்கட வீட்டில் இப்படி இருக்கா என்று கண்டுபிடிக்க இரண்டு கடிதம் போதும். ஒன்று, வங்கி வருஷ முடிவில் அனுப்பும் கணக்கு. 31 டிசம்பர் மீதி போன வருஷத்தோடு ஒன்றாகவே இருந்தால், டில்குங் வரியில் பூச்சியம் இருந்தால், அது வட்டி மட்டும் கட்டும் கடன். மற்றது, காப்புறுதி வருஷா வருஷம் அனுப்பும் ஷ்டான்ட்மிட்டைலுங். அதில் உத்தரவாதமான தொகை ஒன்றும், லாபத்தோடு எதிர்பார்க்கும் தொகை ஒன்றும் இருக்கும். பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள். கடன் மீதியிலிருந்து உத்தரவாதமான தொகையைக் கழியுங்கோ. வருவதுதான் நீங்கள் தயாராக வேண்டிய இடைவெளி. இரண்டும் முடியும் திகதியையும் ஒப்பிடுங்கோ, காப்புறுதி கடனுக்குப் பிறகு முடிந்தால் அது தனிப் பிரச்சினை.

இடைவெளி தெரிந்தவுடன் கோபத்தில் காப்புறுதியை நிறுத்திவிட வேண்டாம். 4 சதவீத உத்தரவாதமும் வரிச்சலுகையும் உள்ள பழைய ஒப்பந்தம் இன்று கிடைக்காத சாமான், இடையில் முறித்தால் நட்டம். வங்கியின் சம்மதம் இல்லாமல் தொடவும் முடியாது. அதை ஓட விட்டு, இடைவெளிக்கு மட்டும் தனியாக டில்குங் தொடங்குவதுதான் பெரும்பாலும் சரி. அடுத்த ஸின்ஸ்பின்டுங் முடியும்போது கடனைச் சாதாரணக் கடனாக மாற்றக் கேட்கலாம். கடன் காசு முழுதாகக் கிடைத்தோ, வட்டியைக் கடைசியாகப் புதுப்பித்தோ பத்து வருஷம் ஆகியிருந்தால், ஜெர்மன் சிவில் சட்டத்தின் 489ஆம் பிரிவு உங்கள் பக்கம்: ஆறு மாத முன்னறிவித்தலோடு, தண்டப்பணம் இல்லாமல், கடனை முழுதாகவோ ஒரு பகுதியையோ முடிக்கலாம்.

இளம் பெற்றோருக்கு ஒரு சொல். ஆயுள் காப்புறுதியின் இடத்தில் இன்று வருவது பவுஸ்பார் ஒப்பந்தம். அதுவும் முதல் சில வருஷம் வட்டி மட்டும், டில்குங்குக்குப் பதில் பவுஸ்பாரில் சேமிப்பு. வித்தியாசம் என்னவென்றால், பிறகு வரும் பவுஸ்பார் கடனின் வட்டி முன்கூட்டியே தெரியும், ஆனால் அந்தக் கட்டத்தில் மாதத் தொகை சிலவேளை நன்றாகக் கூடும். 2016 மார்ச்சுக்குப் பிறகு வங்கி கையெழுத்துக்கு முன் ஒரு தகவல் தாள் தர வேண்டும். கட்டுவது வட்டி மட்டுமா, முதல் எப்படி அடைபடும் என்று அதில் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைத் தேடிப் பாருங்கோ, முகவர் அதை வேகமாகத் திருப்பினால் திருப்பி அந்தப் பக்கத்துக்கே வரச் சொல்லுங்கோ.