ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு காகிதம்

ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் ஆகும்போது கையில் ஒரு காகிதம் தருவார்கள். எந்த மாத்திரை, காலையா ராத்திரியா, அடுத்து எப்போது வரவேண்டும்... எல்லாம் இருக்கும். தற்கொலை வரை போய், பிழைத்து வீடு திரும்புகிறவருக்கு அது போதாது. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த எண்ணம் மறுபடி வந்தால் என்ன செய்வது என்று அதில் இருக்காது. வீடு திரும்பிய முதல் சில வாரங்களில்தான் ஆபத்து அதிகம். சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, "தைரியமா இருடே" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதும் அப்போதுதான்.

இதற்கென்றே இன்னொரு காகிதம் இருக்கிறது. பாதுகாப்புத் திட்டம் என்று பெயர். அமெரிக்காவில் பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் என்ற இரண்டு உளவியல் நிபுணர்கள் வடிவமைத்தது. ஒரே பக்கம், ஆறு கட்டம். 'இனிமேல் செய்யமாட்டேன்' என்று சத்தியம் வாங்கும் காகிதம் இல்லை ஸார் இது. சத்தியம் வாங்கினவர் நிம்மதியாகத் தூங்கலாம். கொடுத்தவருக்கு ரெண்டு மணிக்கு அது உதவாது.

எப்படி நிரப்புவது? புளியங்குடி எலுமிச்சை கமிஷன் கடையில் கணக்கு எழுதும் இருபத்தாறு வயது இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். எதிரே ஆஸ்பத்திரி ஆலோசகர், ஒரு அம்மா.

முதல் கட்டம், ஆபத்து வருவதற்கான அடையாளம். நம்மாள், 'மனசு சரியில்லாதபோது' என்று எழுதுகிறார்.

"அது எனக்கும் தினமும்தான் தம்பி. உங்களுக்கு மட்டும் வர்றது என்ன?"

யோசித்து எழுதுகிறார்: 'ராத்திரி சாப்பிடமாட்டேன். போனை அணைத்துவிடுவேன். நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்று தோன்றும்.' இதுதான் சரி. அவருடைய சொற்கள், அவருக்கே அடையாளம் தெரிகிற மாதிரி.

இரண்டாவது, யார் துணையும் இல்லாமல் தானே செய்யக்கூடியது. 'குற்றாலம் போய்க் குளிப்பேன்.'

"ரெண்டு மணிக்கு பஸ் இருக்கா?"

அடித்துவிட்டு, 'தொட்டித் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வேன், கவுண்டமணி காமெடி பார்ப்பேன்' என்கிறார். சிரிக்காதீர்கள். அந்தத் தீவிரமான உந்துதல் பெரும்பாலும் அலை மாதிரி ஏறி இறங்குவது. இறங்கும் வரை நேரத்தைக் கடத்தவேண்டும், அவ்வளவுதான் வேலை.

மூன்றாவது, விஷயத்தைச் சொல்லாமலே கவனம் மாற உதவும் ஆட்களும் இடங்களும். அக்கா மகன், பஸ் ஸ்டாண்டு டீக்கடை. நான்காவதில்தான் மனம் திறந்து சொல்லக்கூடியவர்கள் வருகிறார்கள். முதலில் சித்தப்பா பெயர்.

"போன் பண்ணா என்ன சொல்லுவாக?"

"அரை மணி நேரம் புத்தி சொல்லுவாக."

சித்தப்பா அவுட். மதினி பெயர் ஏறுகிறது, நம்பரோடு. மதினியிடம் முன்கூட்டியே கேட்டு, சம்மதம் வாங்கிய பிறகுதான்.

ஐந்தாவது, டாக்டர், ஆஸ்பத்திரி நம்பர்கள். கூடவே 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ். இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். ஒரு கட்டம் பலிக்கவில்லை என்றால் அடுத்ததற்குப் போவது முறை. ஆனால் நிலைமை கை மீறுகிறது என்று தெரிந்தால் வரிசை பார்க்கவேண்டாம். நேரே ஐந்தாவது, அல்லது 108.

ஆறாவது, வீட்டைப் பாதுகாப்பாக்குவது. அண்ணனையும் உள்ளே கூப்பிடுகிறார்கள். எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கும் வீடு. மருந்தடிக்கிற சாமான் இருக்கும்.

"அதெல்லாம் ரூம்ல பூட்டியாச்சு மேடம்."

"சாவி?"

"...ஆணியில தொங்குது."

பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். பூட்டு பிரயோஜனமில்லை, சாவி வேறு யாரிடமோ இருக்கவேண்டும். அதைவிட நல்லது, சாமானே வேறு வீட்டுக்குப் போவது. மாத்திரையும் அப்படித்தான்: மொத்தமாக வேண்டாம், அண்ணன் கையில் இருந்து அன்றன்றைக்கு. 'ஒரு வழி அடைபட்டால் இன்னொன்றைத் தேடமாட்டானா?' என்று கேட்பார்கள். அந்த அலையின் உச்சத்தில் பெரும்பாலானவர்கள் தேடுவதில்லை. தேடுவதற்குள் அலை இறங்கிவிடுகிறது.

காகிதத்தைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. சென்னை உட்பட ஐந்து இடங்களில் உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தி 2008-ல் வெளியிட்டது. தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு. பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது தடவை போனிலோ நேரிலோ விசாரிப்பு. தற்கொலையால் இறந்தவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 18 பேர். விசாரிக்கப்பட்டவர்களில் 2 பேர்.

அதில் முதல் விசாரிப்பு ஒரே வாரத்தில் நடந்தது. நம்மாளுக்கும் அதேபோல் ஒரு வாரத்தில் போன் வருகிறது. காகிதம் மணிபர்ஸில் ஒன்று, மதினியிடம் ஒன்று, போனில் போட்டோவாக ஒன்று. சாவி அண்ணனிடம் இல்லை, அண்ணனின் மாமனார் வீட்டில்.

"எந்தக் கட்டமாவது சரிப்படலையா தம்பி?"

"டீக்கடை மேடம். 'ஆஸ்பத்திரியில கிடந்தியாமே, என்னலே ஆச்சு'ங்கான் எல்லாரும்."

டீக்கடையை அடித்துவிட்டு, லைப்ரரி என்று எழுதிக்கொள்ளச் சொல்கிறார் அந்த அம்மா.