பஸ் போர்டில் எதைத் தமிழாக்க வேண்டும்?



போன வாரம் மதுரை மாட்டுத்தாவணியில் ஒரு பஸ். 'திருச்சி' என்று பெரிதாகத் தமிழில். அதன் கீழே 'ஒன் டு ஒன்' என்று ஆங்கில எழுத்தில். மேலூருக்குப் போகவேண்டிய ஒரு அம்மா போர்டை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு ஏறினார். திருச்சி பஸ் மேலூர் வழியாகத்தானே போகும் என்று அவர் நினைத்தது தப்பா? "இது மேலூருக்குள்ள போகாதும்மா, பைபாஸ்ல போயிரும்" என்று கண்டக்டர் இறக்கிவிட்டார். மூட்டையோடு இறங்கினார், பாவம்.

ஊர்ப்பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. தமிழ் எழுத்தில் இருந்தால் போதும். '21ஜி' போன்ற தட எண்ணும் ஒரு பெயர் மாதிரிதான், அப்படியே இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டு என்றால் என் பாட்டிக்கே புரிந்தது. ஆனால் பஸ் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று சொல்லும் சொல்லைக் கட்டாயம் தமிழாக்க வேண்டும். 'ஒன் டு ஒன்' என்று தமிழ் எழுத்தில் எழுதினாலும் அந்த அம்மாவுக்கு விளங்காது. 'ஒன்றுக்கு ஒன்று' என்றால் இன்னும் மோசம், ஏதோ கணக்குப் பாடம்! 'இடையில் நிற்காது' என்று எழுதலாம். பைபாஸில் போகிற பஸ்ஸுக்கு 'மேலூருக்குள் செல்லாது' என்று ஊரைச் சொல்லியே எழுதலாம்.

இன்னொன்று. 'வழி: மேலூர்' என்பது ஆங்கில வரிசை. நாம் 'மேலூர் வழி' என்றுதானே பேசுகிறோம்? பழைய வாத்தியார் புத்தி, இதையும் திருத்தாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் ஊர் பஸ் போர்டில் என்ன எழுதியிருக்கிறது? பார்த்துச் சொல்லுங்கள்.