ஒரு போட்டிக்கு ஒரு பாஸா, பருவத்துக்கு ஒரு பாஸா?
நேரலை விளையாட்டு ஒளிபரப்பின் கட்டணமும் ரீப்ளே காலமும் குறித்து எங்கள் மன்றத்தின் நிலைப்பாடு

எல்லைப்புறத் தொழில்நகரமாகிய ஓசூரிலும், அதைச் சூழ்ந்த கிருஷ்ணகிரி மாவட்டத்து ஆலைப் பகுதிகளிலும் ஷிப்டு முறையில் பணிபுரிவோரைப் பெரும்பான்மை அங்கத்தினராகக் கொண்ட எங்கள் ரசிகர் மன்றம், இணையத்தின் வழியே நேரலையாகக் காட்டப்படும் போட்டிகளுக்குத் தனித்தனியே பாஸ் விற்பது நியாயமா, பருவம் முழுமைக்கும் ஒரே பாஸ் விற்பது நியாயமா என்ற விஷயத்தை விவாதித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. இரண்டு பாஸ்களும் இருக்க வேண்டும். ஆனால் தனிப் பாஸ் வாங்குகிறவர் வாங்குவது ஒரு போட்டியையே அன்றி ஒரு நேரத்தை அல்ல. ஆகவே போட்டி முடிந்த கணத்திலிருந்து 11 முழு நாள்களுக்குக் குறையாமல் அதன் ரீப்ளே அவருக்குக் கிடைக்க வேண்டும். தனிப் பாஸ்களுக்கென்று ஒருவர் செலுத்தும் மொத்தத் தொகைக்கும் ஓர் உச்சவரம்பு இருக்க வேண்டும். இவ்விரண்டையும் நாங்கள் கோருவதற்கான காரணங்களைக் கீழே விளக்குகிறோம்.

எடுத்துக்கொண்ட உதாரணம்

டிவிஎஸ் மோட்டாரும் அசோக் லேலண்டும் ஆலை வைத்திருக்கும் இந்த ஊரில், எஞ்சினைக் கையால் தொட்டு வேலை செய்கிறவர்களுக்குப் பந்தயக் காரின் மீது தனிப்பட்ட ஈடுபாடு இருப்பது இயற்கை. எனவே ஃபார்முலா ஒன் பந்தயத்தையே உதாரணமாகக் கொள்கிறோம். நம் நாட்டில் அப்பந்தயம் 2022 வரை ஸ்டார் நிறுவனத்தின் விளையாட்டுச் சேனல்களிலும், 2023-இல் பந்தயத்தை நடத்துவோரின் சொந்த இணையச் சேவையிலும் காட்டப்பட்டு, 2024 முதல் ஃபேன்கோடு தளத்துக்கு வந்து சேர்ந்தது. அத்தளம் ஒரு பந்தய வாரத்துக்கென்று தனிப் பாஸும், பருவம் முழுமைக்குமான பாஸும் விற்கத் தொடங்கியபோது, இந்திய ரசிகருக்குப் பழக்கமில்லாத ஒரு தேர்வு அவர் கைக்கு வந்தது. ஐ.பி.எல். கிரிக்கெட்டைக் காட்டும் ஜியோஹாட்ஸ்டாரின் வழக்கம் வேறு. அங்கே சந்தா மாதக்கணக்கில் விற்கப்படுகிறதே ஒழிய ஆட்டக்கணக்கில் அல்ல.

மாதக்கணக்குச் சந்தாவில் உள்ள குறை 2025-இல் வெளிப்பட்டது. மார்ச் 22-ஆம் தேதி தொடங்கிய ஐ.பி.எல். பருவம், மே மாதத்தில் எல்லைப் பதற்றத்தின் காரணமாக நிறுத்தி வைக்கப்பட்டு, மே 25-இல் நடந்திருக்க வேண்டிய இறுதியாட்டம் ஜூன் 3-க்குத் தள்ளிப்போயிற்று. ஏப்ரல் கடைசியில் ஒரு மாதச் சந்தா கட்டி, இறுதியாட்டம் வரை போதும் என்று கணக்கிட்ட ஒருவர், தம் பிழை ஏதுமின்றியே இறுதியாட்டத்தின்போது சந்தா இல்லாதவராகியிருப்பார். போட்டியை அலகாகக் கொண்ட பாஸில் இந்தச் சங்கடம் எழுவதில்லை. போட்டி எந்நாளுக்குத் தள்ளிப்போனாலும் பாஸும் அதனுடன் செல்கிறது. தனிப் பாஸை நாங்கள் ஆதரிப்பதற்கு முதற்காரணம் இதுவே.

ரீப்ளே காலம் ஏன் 11 நாள்?

2025-ஆம் ஆண்டின் ஃபார்முலா ஒன் பருவத்தில் 24 பந்தயங்கள். ஐரோப்பியப் பந்தயங்களில் பெரும்பாலானவை நம் நேரப்படி ஞாயிறு மாலை 6.30-க்குத் தொடங்கிவிடுவதால் அவற்றில் தொல்லை குறைவு. ஆனால் கனடாப் பந்தயம் இரவு 11.30-க்கும், ஆஸ்டின் பந்தயம் நள்ளிரவு 12.30-க்கும், மயாமி, மெக்சிகோ பந்தயங்கள் பின்னிரவு 1.30-க்கும் தொடங்கின. ஆலைக்கு ஆலை கால்மணி, அரைமணி மாறினாலும், காலை 6, பிற்பகல் 2, இரவு 10 என்று மூன்று ஷிப்டாகப் பகுக்கப்பட்ட வாழ்க்கையில் இந்த நேரங்களை வைத்துப் பார்த்தால், திங்கள் காலை முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டியவர் மயாமிப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு எந்திரத்தின் முன் நிற்பது அபாயம் என்பதும், ஞாயிறு இரவு ஷிப்டில் இருப்பவருக்கு அது அசாத்தியம் என்பதும் சொல்லாமலே விளங்கும். சனிக்கிழமை மாலை 7.30-க்கு நடக்கும் ஐரோப்பியத் தகுதிச்சுற்றும் இரண்டாம் ஷிப்டுக்காரருக்கு எட்டாது. இவர்களுக்கு ரீப்ளே என்பது இனாமாகக் கிடைக்கும் உபரி அல்ல. அவர்கள் காசு கொடுத்து வாங்கிய பொருளே அதுதான்.

இத்தகையவருக்கு 24 மணி அல்லது 48 மணி நேர ரீப்ளே போதாதா என்று கேட்கலாம். மயாமிப் பந்தயம் திங்கள் விடியற்காலை 3 மணிவாக்கில் முடிகிறது. 48 மணி நேரக் கெடு புதன் விடியற்காலையில் தீர்ந்துவிடுகிறது. இடைப்பட்ட இரண்டு நாளும் வேலைநாள். ஓவர்டைமும் சேர்ந்து, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓசூருக்குப் போய்வரும் பயணமும் சேர்ந்தால், ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடும் பந்தயத்தை ஒரே மூச்சில் பார்க்க அவருக்குக் கிடைக்கும் சாவகாசம் அடுத்த விடுமுறை நாளில்தான். கெடுவைத் தேதியால் கணக்கிட்டால் நிலைமை இன்னும் மோசம்: பந்தய வாரத்துக்கான பாஸ் ஞாயிறு நள்ளிரவோடு காலாவதியாகும் என்று ஒருவர் விதி வகுத்தால், இந்திய நேரப்படி திங்கட்கிழமை தொடங்கும் மயாமிப் பந்தயமே அந்தப் பாஸுக்கு வெளியே போய்விடும். ஆகவே கெடுவை வாங்கிய நேரத்திலிருந்தோ, நாள்காட்டியின் தேதியிலிருந்தோ எண்ணாமல், பந்தயம் முடிந்து கொடி வீசப்பட்ட கணத்திலிருந்தே எண்ண வேண்டும் என்கிறோம்.

11 என்ற எண்ணையும் நாங்கள் மனம்போனபடி தேர்ந்தெடுக்கவில்லை. நெடுங்காலம் நம் ஆலைகளின் வாரவிடுமுறையை வகுத்துவந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், தன் 52-ஆம் பிரிவில், ஞாயிறு விடுமுறையை வேறு நாளுக்கு மாற்ற இடம்கொடுத்தபோதும், ஒரு முழுநாள் விடுமுறையின்றி எந்தத் தொழிலாளியையும் தொடர்ந்து 10 நாளுக்கு மேல் வேலை வாங்கலாகாது என்று எல்லை கட்டியது. அப்படியானால் எந்த 11 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் ஒரு விடுமுறையேனும் விழுந்தே தீரும். ரீப்ளே காலத்துக்கு இதைவிட நியாயமான அளவுகோல் எங்களுக்குத் தென்படவில்லை. சீசன் பாஸ் வாங்கியவருக்கோ, பருவத்தின் எல்லாப் பந்தயங்களும் அடுத்த பருவத்தின் முதற்பந்தயம் தொடங்கும் வரை திறந்திருக்க வேண்டும்.

இதனுடன் சேர்ந்தது மற்றொரு விஷயம். ஆலைக்குள் கைப்பேசி கொண்டுபோக அனுமதியில்லாதவர், வேலை முடிந்து வாயிலில் அதைத் திரும்பப் பெற்று, ரீப்ளே பார்க்கும் ஆசையோடு செயலியைத் திறந்ததும், முகப்பிலேயே வென்றவர் கோப்பையோடு நிற்கும் படமும், முடிவை அறிவிக்கும் தலைப்பும் தென்படுமானால் அந்த ரீப்ளேயினால் யாது பிரயோஜனம்? பாஸ் வாங்கியும் இன்னும் பார்க்காத பந்தயத்தின் முடிவை அறிவிப்பிலும் முகப்புப் படத்திலும் மறைத்துவைக்கும் வசதியைத் தளங்கள் தர வேண்டும்.

கட்டணத்தின் உச்சவரம்பு

எளிமைக்காகத் தனிப் பாஸ் 100 ரூபாய் என்றும், சீசன் பாஸ் 900 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஒன்பது பந்தயங்களுக்குக் குறைவாகப் பார்ப்பவருக்குத் தனிப் பாஸ் லாபம். அதற்கு மேல் பார்ப்பவருக்குச் சீசன் பாஸ் லாபம். ஆனால் அடுத்த மாதம் எந்த ஷிப்டு என்பதே தெரியாத ஒருவரால், தாம் எத்தனை பந்தயம் பார்ப்போம் என்பதை மார்ச் மாதத்தில் சொல்ல இயலாது. மூன்று தனிப் பாஸ் வாங்கிய பின் ஆர்வம் மிகுந்து சீசன் பாஸ் எடுப்பவர் 1,200 ரூபாய் கொடுக்கிறார். பதினான்கு பந்தயம் முடிந்த பின் சேருபவர், எஞ்சிய பத்துக்கும் முழு 900 ரூபாயே கொடுக்க நேரிடலாம். விகிதப்படி அவர் தர வேண்டியதோ 375 ரூபாய்தான்.

தளங்களின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஒளிபரப்பு உரிமைக்குரிய பெருந்தொகையைப் பார்வையாளர் வருமுன்னரே அவர்கள் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். முதல் பந்தயத்துக்கு முன்பே சீசன் பாஸ் வாங்குகிறவர் அந்தச் சுமையில் பங்கேற்பதால் அவருக்குச் சலுகை தருவது பொருத்தமே. தனிப் பாஸ்களின் தொகை முழுவதையும் கழித்துக் கொடுத்தால் முன்கூட்டிச் சீசன் பாஸ் வாங்க எவரும் முன்வரார் என்ற அச்சமும் வீண் அச்சமன்று. ஆகவே உச்சவரம்பைச் சீசன் பாஸின் விலைக்குச் சற்று மேலே, எங்கள் உதாரணத்தில் 1,000 ரூபாயில், வைக்கலாம் என்கிறோம். பத்தாவது தனிப் பாஸோடு அவர் சீசன் பாஸ்காரராகிவிட வேண்டும். முன்கூட்டி வாங்கியவருக்கு 100 ரூபாய் ஆதாயம். காத்திருந்தவருக்கு அளவற்ற செலவில்லை.

தொலைக்காட்சியில் ஒவ்வொரு கட்டணச் சேனலையும் தனி விலைக்குத் தர வேண்டும் என்று டிராய் வகுத்த விதி 2019-இல் நடைமுறைக்கு வந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம், தொகுப்புக்குத் தரும் தள்ளுபடி 45 சதவீதத்துக்கு மேற்படக்கூடாதென்றும் வரையறுத்தது. தனி விலையைச் செயற்கையாக உயர்த்தித் தொகுப்பின் பக்கம் ஜனங்களைத் தள்ளும் வழக்கத்தைத் தடுப்பதே அதன் உத்தேசம். இணையத் தளங்களின் பாஸ்களுக்கு இவ்விதி பொருந்துவதில்லை. எனினும் அதிலடங்கிய நீதி இங்கும் செல்லும்.

நடவாத பந்தயம்

2023 மே மாதத்தில் இத்தாலியின் இமோலாப் பந்தயம் வெள்ளத்தால் ரத்தாயிற்று. 2021 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் ஸ்பா ஓடுதளத்தில், மழையினால் பாதுகாப்புக் காரின் பின்னே சில சுற்றுகள் மட்டும் ஊர்ந்த கார்களுக்குப் பாதிப் புள்ளிகள் வழங்கப்பட்டு, ஏட்டில் ஒரு பந்தயம் நடந்ததாகப் பதிவாயிற்று. முதல்வகையில் தனிப் பாஸின் தொகை கேட்காமலே திரும்பி வர வேண்டும். சீசன் பாஸில் விகிதப் பங்கு கழிக்கப்பட வேண்டும். இரண்டாம்வகையில் பந்தயம் நடந்துவிட்டது என்ற வாதத்தின் பின்னே மறைந்துகொள்ளாமல், அடுத்த பந்தயத்துக்கான பாஸையேனும் தளங்கள் ஈடாகத் தருவதே கௌரவம்.

எங்கள் கோரிக்கைகள்

1. ரீப்ளே எந்நேரம் வரை கிடைக்கும், முழுப் பந்தயமா சுருக்கமா, தகுதிச்சுற்றும் அடங்குமா என்பவை பணம் செலுத்தும் திரையிலேயே தமிழில் காட்டப்பட வேண்டும். உரிமை வழங்கியவரின் ஒப்பந்தம் நீண்ட ரீப்ளேக்கு இடந்தராவிடில், அதையும் வாங்குமுன்னரே சொல்ல வேண்டும்.

2. தனிப் பாஸுக்கு 11 முழு நாள் ரீப்ளே. சீசன் பாஸுக்கு அடுத்த பருவத் தொடக்கம் வரை.

3. தனிப் பாஸ்களுக்கு உச்சவரம்பு. பருவத்தின் நடுவே சேருவோருக்கு விகிதக் கட்டணம்.

4. தனிப் பாஸ் எக்காரணத்தாலும் தானே புதுப்பிக்கும் சந்தாவாக மாறலாகாது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் சந்தாப் பொறியைத் தடுக்கப்பட்ட செயலாக ஏற்கெனவே அறிவித்திருக்கின்றன.

இவற்றைத் தளங்கள் தாமே ஏற்பது உத்தமம். ஏற்காவிடில், முதல் கோரிக்கையை மட்டுமேனும் கட்டாய விதியாக்கும்படி மத்திய நுகர்வோர் விவகாரத் துறையை வேண்டுகிறோம். விலையில் தலையிட அரசு தயங்கினாலும், விற்கப்படும் பொருளின் ஆயுளை வாங்குபவருக்கு அறிவிக்கச் செய்வதில் தயக்கத்துக்கு இடமில்லை. அதுவரை எங்கள் அங்கத்தினர்கள் பாஸ் வாங்குமுன் ரீப்ளே நிபந்தனையைப் படித்து, அத்திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுமாறும், சொன்ன காலத்துக்கு முன்பே ரீப்ளே மறைந்தால் அந்தப் படத்தோடு முதலில் தளத்துக்கும், பதில் வாராவிடில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் முறையிடுமாறும் கேட்டுக்கொள்கிறோம்.