இரவல் கொடுத்த கார் மோதினால் யார் பொறுப்பு?

"மச்சான், சாவியைக் கொடு, ஈப்போவில் கல்யாணம், நாளைக்கே கொண்டு வந்து விடுகிறேன்" என்று நண்பர் கேட்டால் மறுப்பவர்கள் நம்மில் குறைவு. கார் போன வழியில் மோதிவிட்டால்தான் கேள்வி எழுகிறது: ஓட்டியவர் பொறுப்பா, கார் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பொறுப்பா?

சுருக்கமான பதில் இதுதான். தவறு ஓட்டியவருடையது. ஆனால் காப்புறுதி காரோடு போகிறது. மலேசியாவில் தனியார் கார்களுக்கான காப்புறுதி, உரிமையாளரின் அனுமதியோடும் செல்லுபடியாகும் லைசென்ஸோடும் ஓட்டும் எவருக்கும் பொருந்தும். எனவே நண்பர் மோதினாலும் எதிர்த் தரப்புக்கு இழப்பீடு தருவது உரிமையாளரின் காப்புறுதி நிறுவனம்தான். அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கிள்ளானில் ஒருவர் தமது மைவி காரை நண்பருக்கு இரவல் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பல ஆண்டுகள் கிளேம் எதுவும் செய்யாததால் அவருக்கு 55 விழுக்காடு என்சிடி கழிவு உண்டு. அடிப்படை பிரீமியம் 1,000 வெள்ளி என்றால் அவர் கட்டுவது 450 வெள்ளி மட்டுமே. நண்பர் தைப்பிங் அருகே முன்னால் போன லாரியில் மோதுகிறார். தவறு அவருடையது. காரைப் பழுதுபார்க்க உரிமையாளர் கிளேம் செய்கிறார்.

நண்பரின் பெயர் பாலிசியில் பெயர் குறிப்பிட்ட ஓட்டுநராக இல்லாததால், வழக்கமான பாலிசிகளில் முதல் 400 வெள்ளியைக் கையிலிருந்து கட்ட வேண்டும். அடுத்த ஆண்டு என்சிடி பூஜ்யமாகிவிடும். பிறகு 25, 30, 38.33, 45 என்று ஏறி மீண்டும் 55 விழுக்காட்டை அடைய ஐந்து ஆண்டுகள் ஆகும். அந்த ஐந்து ஆண்டுகளில் அவர் கூடுதலாகக் கட்டுவது ஏறக்குறைய 1,367 வெள்ளி. 400 வெள்ளியையும் சேர்த்தால் 1,767 வெள்ளி. இந்த நஷ்டத்தை நண்பர் தர வேண்டும் என்று பாலிசி சொல்லாது. அது இருவரும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்.

காயமடைந்தவர் நீதிமன்றம் போனால், ஓட்டியவரோடு உரிமையாளரையும் எதிர்த் தரப்பாகச் சேர்ப்பது வழக்கம். நண்பர் தம் சொந்த வேலைக்காகப் போயிருந்தால் உரிமையாளர் நேரடியாகப் பொறுப்பாவதில்லை. ஆனால் "வரும்போது தைப்பிங்கில் அம்மாவை ஏற்றிக்கொண்டு வா" என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தால் நிலைமை மாறும். அப்போது நண்பர் உரிமையாளரின் வேலையைச் செய்பவராகிறார். உரிமையாளரும் பொறுப்பேற்க நேரிடும்.

லைசென்ஸ் இல்லாதவரிடம் சாவியைக் கொடுப்பது இதைவிட மோசம். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 26ஆவது பிரிவின்படி, ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்ட அனுமதித்தவரும் குற்றவாளி. சொந்தக் காரின் சேதத்துக்கும் காப்புறுதி கைகொடுக்காது. லைசென்ஸ் காலாவதியாகிவிட்டதா என்பதைச் சாவி கொடுக்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

வாடகைக் காரில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முறையான வாடகை நிறுவனத்தின் கார்களுக்கு வாடகைப் பயன்பாட்டுக்கான காப்புறுதி இருக்கும். அங்கே பார்க்க வேண்டியது ஒப்பந்தம். அதில் யார் பெயர் ஓட்டுநராக எழுதப்பட்டிருக்கிறதோ அவர்தான் ஓட்டலாம். களைப்பாக இருக்கிறது என்று ஸ்டீயரிங்கை மைத்துனரிடம் கொடுத்து அவர் மோதினால், பழுதுச் செலவையும், கார் வர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்களின் வாடகையையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரிடம் நிறுவனம் கேட்கலாம்.

விழாக்காலங்களில் வாட்ஸ்அப் வழியாக மலிவாகக் கிடைக்கும் கார்கள்தான் பெரிய ஆபத்து. அவற்றுள் சில, தனியார் ஒருவர் தம் சொந்தக் காரை நாள் வாடகைக்கு விடுபவை. தனியார் கார் பாலிசி வாடகைக்கு விடுவதை வெளிப்படையாகவே விலக்குகிறது. விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் பொறுப்பை மறுக்கலாம். அப்படி மறுத்தால் சேதக் கணக்கு ஓட்டியவருக்கும் உரிமையாளருக்கும் இடையே வந்து நிற்கும். பணம் கொடுக்கும் முன் காப்புறுதிச் சான்றிதழின் படத்தைக் கேட்டு, பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியில் வாடகைக்கு அனுமதி இருக்கிறதா என்று படிக்க வேண்டும். காட்டத் தயங்குபவரிடம் கார் எடுக்காமல் இருப்பதே மேல்.

எந்தக் காராக இருந்தாலும், மோதியபின் செய்ய வேண்டியது ஒன்றே. ஓட்டியவரே 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்ய வேண்டும். நண்பரைக் காப்பாற்ற "நான்தான் ஓட்டினேன்" என்று உரிமையாளர் எழுதிக் கொடுப்பது பொய்ப் புகார். அது வெளியானால் கிளேம் போவதோடு வழக்கும் வரும்.